ஆப்ஷன் விற்பவருக்குக் கெல்லி ஃபார்முலா எத்தனை லாட் சொல்லும்?

கெல்லி ஃபார்முலாவை இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்: f = p − q/b. ஜெயிக்கும் வாய்ப்பு p, தோற்கும் வாய்ப்பு q, ஜெயித்தால் பந்தயத் தொகையைப் போல எத்தனை மடங்கு வரும் என்பது b. விடையாக வரும் f, உங்கள் மொத்தப் பணத்தில் எவ்வளவு பங்கைப் பந்தயமாக வைக்கலாம் என்று சொல்கிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வந்தது இது. எட்வர்ட் தோர்ப் இதை முதலில் பிளாக்ஜாக் மேஜையிலும், பிறகு பங்குச் சந்தையிலும் பயன்படுத்தினார்.

ஃபார்முலாவில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது இரண்டே முடிவுகள் உள்ள விளையாட்டுக்கானது. வைத்த பணம் மொத்தமாகப் போகும், அல்லது b மடங்கு வரும், அவ்வளவுதான். ஆப்ஷன் ட்ரேட் அப்படி இல்லை. அதிலும் ஆப்ஷன் விற்பவருக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வரும், எப்போதாவது ஒரு நாள் மொத்தமாகப் போகும். இந்தக் கோணலான வடிவத்தை "சராசரி லாபம், சராசரி நஷ்டம்" என்று இரண்டு எண்ணாகச் சுருக்கி மேலே உள்ள வரியில் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. யாருடைய ட்ரேட் புத்தகமும் இல்லை.

ட்ரேட் இதுதான். நிஃப்டியில் ஒரு புட் ஆப்ஷனை விற்கிறோம், அதற்கு 200 புள்ளி கீழே இன்னொரு புட்டை வாங்குகிறோம். விற்றதில் வந்ததற்கும் வாங்கக் கொடுத்ததற்கும் வித்தியாசம் 40 புள்ளி. அது உடனே கைக்கு வருகிறது. எக்ஸ்பைரியில் நிஃப்டி மேல் ஸ்ட்ரைக்குக்கு மேலே இருந்தால் 40-ம் நமக்கே. கீழ் ஸ்ட்ரைக்குக்கும் கீழே போனால் 200 கொடுக்க வேண்டும், கையில் உள்ள 40 போக நிகர நஷ்டம் 160. எவ்வளவு கீழே போனாலும் அதற்கு மேல் நஷ்டம் இல்லை. ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்கிறேன் (எக்ஸ்சேஞ்ச் இதை அவ்வப்போது மாற்றும்). அப்படியானால் ஒரு லாட்டில் அதிகபட்ச லாபம் 3,000 ரூபாய், அதிகபட்ச நஷ்டம் 12,000 ரூபாய். கையில் உள்ள மூலதனம் 10 லட்சம்.

இதே ட்ரேடை 60 முறை, ஒவ்வொரு முறையும் எக்ஸ்பைரி வரை வைத்திருந்து செய்தாயிற்று. நோட்டில் இருப்பது: 36 முறை முழு 40 புள்ளி, 12 முறை 24 புள்ளி, 6 முறை 30 புள்ளி நஷ்டம், 3 முறை 100 புள்ளி நஷ்டம், 3 முறை முழு 160 புள்ளி நஷ்டம். ஒரு ட்ரேடுக்குச் சராசரியாக 12.8 புள்ளி லாபம். நல்ல நோட்டுதான்.

இனி இதைச் சுருக்குவோம். ஜெயித்தது 48, தோற்றது 12. ஆக p = 0.8. சராசரி லாபம் 36, சராசரி நஷ்டம் 80. ஆக b = 0.45. ஃபார்முலா தருவது 0.8 − 0.2/0.45, அதாவது 0.356. மூலதனத்தில் 35.6 சதவீதம், 3,55,600 ரூபாய். சராசரி நஷ்டம் ஒரு லாட்டுக்கு 6,000 ரூபாய் என்பதால் 59 லாட் போடலாம் என்கிறது கணக்கு.

59 லாட்டில் ஒரு முழு நஷ்டம் வந்தால் எவ்வளவு போகும்? 59 × 12,000 = 7,08,000. பத்து லட்சத்தில் ஏழு லட்சம் ஒரே எக்ஸ்பைரியில். அதுவும் எங்கோ கற்பனையில் உள்ள நஷ்டம் இல்லை, நோட்டிலேயே மூன்று முறை வந்திருக்கிற நஷ்டம்.

"சரி, சராசரி நஷ்டத்துக்குப் பதிலா அதிகபட்ச நஷ்டத்தைப் போடலாமே" என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். b = 36/160 = 0.225. f = 0.8 − 0.2/0.225 = −0.09. ட்ரேடே போடாதே என்கிறது! ஒரே நோட்டு, ஒரே ஃபார்முலா. நஷ்டம் என்ற இடத்தில் எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து 59 லாட்டும் வருகிறது, பூஜ்யமும் வருகிறது. இரண்டு முடிவுகளுக்கான ஃபார்முலாவில் ஐந்து முடிவுகளைத் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மையில் கெல்லி சொன்னது அந்த ஒரு வரி இல்லை. அதற்குப் பின்னால் உள்ள யோசனைதான் முக்கியம். பணம் ஒரு ட்ரேடில் இருந்து அடுத்த ட்ரேடுக்குப் பெருக்கலாகப் போகிறது, கூட்டலாக இல்லை. 50 சதவீதம் போனால், பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் லாபம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு முடிவிலும் மூலதனம் எத்தனை மடங்காகிறது என்று பார்த்து, அந்த மடங்கின் லாகரிதத்தை எடுத்து, வாய்ப்புகளால் எடையிட்டுக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகை எந்த அளவில் அதிகமாக இருக்கிறதோ அதுதான் கெல்லி அளவு. இரண்டு முடிவுகள் மட்டும் இருக்கும்போது இது சுருங்கி f = p − q/b ஆகிறது. முடிவுகள் அதிகமாக இருந்தால் சுருக்க வேண்டாம், நேராகவே கணக்கிடலாம். பைத்தானில் ஏழு வரி:

```python
import numpy as np
x = np.array([40, 24, -30, -100, -160])
p = np.array([.60, .20, .10, .05, .05])
for lots in range(10, 70, 10):
    g = lots * 75 / 1_000_000
    growth = p @ np.log(1 + g * x)
    print(lots, round(100 * growth, 2))
```

இதில் வருவது, ஒரு ட்ரேடுக்கு மூலதனம் சராசரியாக எத்தனை சதவீதம் வளரும் என்பது. 10 லாட்டில் 0.87, 20-ல் 1.56, 30-ல் 2.02, 40-ல் 2.19. அங்கேதான் உச்சம். பிறகு இறங்குகிறது: 50-ல் 1.98, 60-ல் 1.18. 67 லாட்டைத் தாண்டினால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதாவது, சராசரியாக லாபம் தரும் ட்ரேடையே திரும்பத் திரும்பச் செய்து ஓட்டாண்டி ஆகலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சரியான உச்சம் 40 லாட், 59 இல்லை. சராசரி நஷ்டத்தைப் போட்ட சுருக்கு வழி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாகச் சொன்னது. (சிலர் இன்னொரு சுருக்கு வழி வைத்திருப்பார்கள்: சராசரியை வேரியன்ஸால் வகுப்பது. இந்த நோட்டுக்கு அது 61 லாட் தரும். வேரியன்ஸுக்கு மேலே, கீழே என்ற பேதம் தெரியாது. 160 புள்ளி போவதும் 160 புள்ளி வருவதும் அதற்கு ஒன்றுதான்.) இரண்டாவது, உச்சத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. 40-ல் இருந்து 20-க்கு இறங்கினால் வளர்ச்சி 2.19-ல் இருந்து 1.56 ஆகிறது, கிட்டத்தட்ட எழுபது சதவீதம் மிஞ்சுகிறது. 40-ல் இருந்து அதே இருபது லாட் மேலே, 60-க்கு ஏறினால் 1.18 ஆகிவிடுகிறது. இன்னும் எட்டு லாட் ஏறினால் வளர்ச்சியே இல்லை. மலையின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. குறைவாகப் போட்டுத் தப்பு செய்தால் கொஞ்சம் லாபம் குறையும். கூடுதலாகப் போட்டுத் தப்பு செய்தால் கணக்கே முடியும். முழுக் கெல்லியில் பாதி போடு, கால் போடு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் "பாதி போடு" என்பது போதுமா? இங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல் தெரிகிறது.

இதுவரை நோட்டில் உள்ள வாய்ப்புகளை அப்படியே நம்பினோம். முழு நஷ்டம் 60-ல் 3 முறை, ஆகவே 5 சதவீதம். அந்த 3 எவ்வளவு உறுதியான எண்? உண்மையான வாய்ப்பு 10 சதவீதமாக இருந்திருந்தால், 60 ட்ரேடில் சராசரியாக 6 முறை வந்திருக்க வேண்டும். இருந்தாலும் அதிர்ஷ்டத்தால் 3 அல்லது அதற்கும் குறைவாக வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பைனாமியல் கணக்குப் போட்டால் சுமார் 14 சதவீதம் வருகிறது. ஏழு பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும். அந்த ஏழாவது ஆள் நாமாக இருக்கலாம். நோட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே அந்த இரண்டாவது உலகத்தையும் கணக்கில் எடுப்போம். முழு நஷ்டம் 10 சதவீதம், முழு லாபம் 60-க்குப் பதில் 55 சதவீதம், மற்றதெல்லாம் அப்படியே. மேலே உள்ள நிரலில் `p` வரியை மட்டும் மாற்றினால் போதும். சராசரி லாபம் இப்போதும் உண்டு, ஆனால் 12.8-ல் இருந்து 2.8 புள்ளியாகிவிட்டது. கெல்லி உச்சம் 40 லாட்டில் இருந்து 8 லாட்டுக்கு வந்துவிட்டது.

ஐந்து சதவீதப் புள்ளி மாறியதில் அளவு ஐந்தில் ஒன்றாகிறது. மற்ற எந்த எண்ணை இந்த அளவுக்கு மாற்றினாலும் இப்படி ஆகாது. 40 புள்ளி லாபம் வந்த 36 ட்ரேடுகள் நமக்குத் தரும் தகவலைவிட, அந்த மூன்று ட்ரேடுகள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன. நிறைய டேட்டா இருக்கிறது என்று தோன்றும் நோட்டில் உண்மையில் இருப்பது மூன்று டேட்டா.

இப்போது ஒவ்வொரு அளவையும் இரண்டு உலகத்திலும் 60 ட்ரேட் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் மூலதனத்துக்கு ஏற்ப லாட்டைத் திருத்திக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கெல்லி, 40 லாட்: நல்ல உலகத்தில் 10 லட்சம் சுமார் 37 லட்சம் ஆகும், மோசமான உலகத்தில் சுமார் 3.7 லட்சம் ஆகும். பாதிக் கெல்லி, 20 லாட்: நல்லதில் 25 லட்சம், மோசமானதில் 9.4 லட்சம். கால் கெல்லி, 10 லாட்: நல்லதில் 17 லட்சம், மோசமானதில் 10.5 லட்சம். இவை நடுவாந்திரமான பாதையின் எண்கள், உத்தரவாதம் இல்லை.

பாதிக் கெல்லிகூட மோசமான உலகத்தில் பணத்தைத் தேய்க்கிறது என்பதுதான் இதில் என்னை யோசிக்க வைத்தது. பாதி என்பது பாதுகாப்பான எண் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக உள்ள பந்தயங்களுக்கு அது நியாயமான பழக்கம். இடது பக்கம் நீண்ட வால் உள்ள ட்ரேடுக்கு, வால் எவ்வளவு கனம் என்று தெரியாத நிலையில், பாதி போதாது. கால் கெல்லியே மோசமான உலகத்தில் அரை உயிரோடுதான் நிற்கிறது. ப்ரோக்கரேஜ், வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி என்று எல்லாம் சேர்த்து ட்ரேடுக்கு ஒரு புள்ளி போனால், அங்கே மிஞ்சுவது கிட்டத்தட்ட பூஜ்யம்.

"10 சதவீதம் என்பதை நீயாகத்தானே வைத்துக்கொண்டாய்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண்ணைச் சரிபார்க்க நோட்டுக்கு வெளியே ஒரு இடம் இருக்கிறது: ஆப்ஷன் விலையே. 200 புள்ளி அகல ஸ்ப்ரெட்டுக்குச் சந்தை 40 புள்ளி கொடுக்கிறது என்றால், எக்ஸ்பைரியில் அந்த 200-ல் சராசரியாக 40, அதாவது 20 சதவீதம், திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்பது சந்தையின் மதிப்பீடு (ரிஸ்க்குக்கான கூலியும் அதற்குள் இருக்கிறது). நம் நோட்டின்படி நாம் சராசரியாகத் திருப்பிக் கொடுத்தது 27.2 புள்ளி, 13.6 சதவீதம். மோசமான உலகத்தில் 37.2 புள்ளி, 18.6 சதவீதம். ஆக நான் மோசமான உலகம் என்று சொன்னது ஏதோ பிரளயம் இல்லை. சந்தை விலை ஏறக்குறையச் சரி, நமக்குக் கிடைப்பது சின்ன கூலி மட்டும் என்று சொல்கிற உலகம்தான் அது. நல்ல உலகம் என்பது, சந்தை மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதை நான் மட்டும் 60 ட்ரேடில் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வது. எதை அதிகம் நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நானாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வாய்ப்புகளை வைத்துக் கணக்கைத் தொடங்குவேன், அதற்கு மேல் பாதியும் போடுவேன்.

நோட்டு மறைக்கும் இன்னொன்றும் இருக்கிறது. 2024 ஜூன் 3 திங்கட்கிழமை, தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. அன்று மாலை 22,500 புட்டை விற்று 22,300 புட்டை வாங்கியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது, நடுவில் அதற்கும் கீழே போய் வந்தது. இரண்டு ஸ்ட்ரைக்கும் பறிபோன நிலை. ஆனால் அந்த வார எக்ஸ்பைரி வியாழக்கிழமை. அன்று நிஃப்டி 22,821-ல் முடிந்தது. எக்ஸ்பைரி வரை பிடித்துக்கொண்டிருந்தவருக்கு முழு லாபம்! அவருடைய நோட்டில் அந்த ட்ரேட் மற்ற சாதாரண வாரங்களைப் போலவே ஒரு முழு லாபமாகத்தான் பதிவாகியிருக்கும். செவ்வாய்க்கிழமை அவர் எங்கே நின்றார் என்பதற்கு அதில் தடயமே இருக்காது.

அளவு பெரிதாக இருந்தவருக்கு வியாழக்கிழமை வந்திருக்காது. மார்ஜின் பற்றாக்குறை, ப்ரோக்கர் பொசிஷனை மூடுதல், அல்லது பயத்தில் தானே மூடுதல் என்று ஏதாவது ஒரு வழியில் செவ்வாயே கதை முடிந்திருக்கும். ஆகவே நோட்டு எழுதும்போது எக்ஸ்பைரி முடிவை மட்டும் எழுதாமல், நடுவில் அதிகபட்சம் எவ்வளவு நஷ்டத்தில் நின்றது என்பதையும் ஒரு பத்தியில் எழுத வேண்டும். அந்தப் பத்தியில் 120, 150 என்ற எண்கள் அடிக்கடி தென்பட்டால், முழு நஷ்டத்தின் வாய்ப்பு 60-ல் 3-ஐவிட அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். வாலைப் பற்றி நோட்டிலேயே கிடைக்கும் கூடுதல் தகவல் இது ஒன்றுதான்.

அதே ஜூன் 4 இன்னொன்றையும் காட்டியது. அன்று பேங்க் நிஃப்டி நிஃப்டியைவிட அதிகமாக விழுந்தது. நிஃப்டியில் 10 லாட், பேங்க் நிஃப்டியில் அதற்குச் சமமான இன்னொன்று, நாலைந்து பங்குகளிலும் புட் விற்பனை என்று வைத்திருந்தவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கெல்லி போட்டிருந்தால், உண்மையில் ஒரே பந்தயத்தை ஆறேழு முறை வைத்திருக்கிறார். கெல்லி கணக்கு ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது என்று வரிசையாக நடப்பதற்கானது. சாதாரண நாட்களில் தனித்தனியாக அசைவதும், விழும் நாளில் சேர்ந்து விழுவதும் சந்தையின் பழக்கம். ஒரே திசையில் அடிவாங்கும் எல்லாவற்றையும் கூட்டி ஒரே பந்தயமாக எடுத்து, அதன் மொத்த அதிகபட்ச நஷ்டத்துக்கு அளவு போடுவதுதான் சரி.

கீழ் ஸ்ட்ரைக்கை வாங்காமல் வெறுமனே ஆப்ஷன் விற்பவர்களுக்கு என்ன அளவு என்றும் கேட்பார்கள். கால் ஆப்ஷனை அப்படி விற்றால் நஷ்டத்துக்கு மேல் வரம்பே இல்லை. கெல்லி கணக்கில், எந்த ஒரு முடிவிலாவது மூலதனம் பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் லாகரிதம் மைனஸ் முடிவிலி ஆகிவிடும்; வாய்ப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. ஆகவே வரம்பில்லாத நஷ்டத்துக்குக் கண்டிப்பான கெல்லி விடை பூஜ்யம். நடைமுறையில் யாரும் அப்படிப் போடுவதில்லை, கடந்த காலத்தின் மிக மோசமான நாளை எல்லையாக வைத்துக் கணக்கிடுவார்கள். அந்த எல்லையும் அசையும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 1997-ல் அமெரிக்காவில் விக்டர் நீடர்ஹாஃபர் என்ற பெயர்பெற்ற ஃபண்டு மேலாளர் எஸ் அண்ட் பி 500 புட் ஆப்ஷன்களைப் பெரிய அளவில் விற்றிருந்தார். அக்டோபர் 27 அன்று சந்தை ஏழு சதவீதம் விழுந்ததில் ஃபண்டு மூடப்பட்டது. நான் இந்தக் கட்டுரைக்கு ஸ்ப்ரெட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே, அதில் 160 என்ற எண் உண்மையான எல்லை என்பதுதான். அதுவும் இன்டெக்ஸ் ஆப்ஷன் எக்ஸ்பைரியில் மட்டும் பணமாகத் தீர்க்கப்படுவதால். தனிப் பங்குகளின் ஆப்ஷன்களில் எக்ஸ்பைரியில் பங்கையே கொடுக்கவோ வாங்கவோ வேண்டும், கடைசி நாட்களில் மார்ஜினும் ஏறும். அங்கே இந்த எண்களை அப்படியே கொண்டுபோக முடியாது.

வாங்குபவர் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 20 புள்ளி கொடுத்துத் தூரத்து ஆப்ஷன் ஒன்றை வாங்குகிறீர்கள். பத்தில் ஒன்பது முறை 20-ம் போகும், ஒரு முறை நிகரமாக 230 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முடிவுகள் இரண்டுதான், பழைய ஃபார்முலாவே சரியாக வேலை செய்கிறது. b = 11.5, f = 0.1 − 0.9/11.5 = 0.022. மூலதனத்தில் 2.2 சதவீதத்துக்கு மேல் ப்ரீமியம் கொடுக்காதே என்கிறது. ஒரு ட்ரேடுக்குப் போட்ட பணத்தில் 25 சதவீதம் சராசரி லாபம் தரும் வியாபாரத்துக்கு இது ரொம்பக் கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் தொடர்ந்து 30 முறை தோற்கும் வாய்ப்பு 4 சதவீதம். அப்படி நடந்தால் முழுக் கெல்லி போட்டவரின் மூலதனம் கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். ஜெயிக்கும் வாய்ப்பு 10 இல்லை, 8 சதவீதம் என்றால் லாபமே இல்லை. 10-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசத்தை நூறு ட்ரேடில்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாங்குபவருக்கு அளவு தப்பினால் மெல்ல மெல்லத் தேயும், அதைக் கவனித்து நிறுத்த அவகாசம் உண்டு. விற்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

நம் ஸ்ப்ரெட்டுக்குத் திரும்புவோம். 10 லட்சத்துக்கு எத்தனை லாட்? என் கணக்கில் 8-ல் இருந்து 10 வரை. ஒரு முழு நஷ்டம் மூலதனத்தில் 10 அல்லது 12 சதவீதம். ப்ரோக்கரின் மார்ஜின் இதைவிட அதிக லாட்டுகளுக்கு இடம் கொடுக்கும்; அது ப்ரோக்கர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த எல்லை, நமக்கு வைத்தது இல்லை. 10 லட்சம் என்பதும் இந்த ட்ரேடுக்கென்று ஒதுக்கிய, போனாலும் வீட்டுச் செலவு நிற்காத பணம்தான், பி.எஃப்., அவசர நிதி எல்லாம் சேர்த்த மொத்தம் இல்லை. நஷ்டம் வந்து மூலதனம் 8.8 லட்சம் ஆனால் அடுத்த வாரம் 10 லாட் 8 ஆகவோ 9 ஆகவோ குறைய வேண்டும். மேலே போட்ட எல்லா எண்களும் அப்படிக் குறைத்துக்கொண்டே போவதை வைத்து வந்தவை. விட்டதைப் பிடிக்க 12 லாட் போட்டால் அந்தக் கணக்கு அன்றோடு செல்லாது.